கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போனால் இன்சூரன்ஸ் என்னவாகும்?

தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயமான என்சிஎல்டியிலிருந்து திவால் நடவடிக்கையைத் தொடங்கும் உத்தரவு வந்துவிட்டால் பாலிசியும் தானாகவே முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. கட்டிய பிரீமியத்துக்கான காலம் வரை பொதுவாக பாதுகாப்பு தொடரும், ஆனால் புதுப்பிக்கும் தேதிக்கு முன் பணம் போய்ச் சேராவிட்டால் காப்பீடு இல்லை, கடன் கொடுத்தவர்களின் வசூல் நடவடிக்கையை நிறுத்திவைக்கும் மாரடோரியம் இதற்கு உதவாது. உத்தரவுக்குப் பிறகு கட்டும் பிரீமியம் திவால் நடவடிக்கைச் செலவில் சேரும், அதனால் உத்தரவுக்குப் பிறகு கம்பெனியின் பொறுப்பை ஏற்கும் இடைக்காலத் தீர்வு நிபுணர் தயங்காமல் கட்டலாம்.

உதாரணத்துக்கு ஒரு நூற்பாலை. உத்தரவுக்கு முன்பே பஞ்சு குடோனில் தீ, க்ளைம் நிலுவையில், ஆலையும் பூட்டிக் கிடக்கிறது. க்ளைம் செத்துவிடாது, அது கம்பெனியின் சொத்து, அதைத் துரத்த வேண்டியவர் இப்போது நிபுணர்தான். பெரிய ஆபத்து வேறு இடத்தில்: பல தீ பாலிசிகளில் கட்டடம் 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் பாதுகாப்பு நின்றுவிடும், முன்கூட்டியே எழுதிக் கேட்டு ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும்.

சரி, எப்படித் தெரிவிப்பது? பாலிசி கொடுத்த கிளைக்கும் சேதத்தை மதிப்பிடும் சர்வேயருக்கும் ஒரே மின்னஞ்சல் போதும். பாலிசி எண், க்ளைம் எண், உத்தரவு நகல், நிபுணரின் பதிவு எண், ஆலை மூடிய தேதி, காவலாளி இருக்கிறாரா என்பது, அப்புறம் பணம் போக வேண்டிய புதிய வங்கிக் கணக்கு. இந்தக் கடைசி விவரத்தை விட்டுவிட்டால் க்ளைம் பணம் பழைய கடன் கணக்கில் விழுந்து, திரும்ப வாங்க வங்கியோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.