அந்தி வெளிச்சத்தில் கடைப் பெயர்ப்பலகை மாக்கப்: எங்கே பொய் தெரிகிறது?

துலக்கிய எஸ்.எஸ். தகட்டில் வெட்டிய எழுத்து, பின்னால் எல்.இ.டி., சுவரில் மஞ்சள் ஒளிவட்டம். கடைக்காரர்கள் விரும்பிக் கேட்கும் அமைப்பு இதுதான், பலகை செய்யும் முன் அவர்களுக்குக் காட்டும் மாதிரிப் படமான மாக்கப்பில் அதிகம் சொதப்புவதும் இதுதான். எழுத்தே ஒளிர்கிறது என்று நினைத்து ஃபோட்டோஷாப்பில் `Outer Glow` போடுவதில் சிக்கல் ஆரம்பிக்கிறது.

இந்த வகை எழுத்தில் விளக்கு பின்பக்கம் பார்த்து இருக்கிறது. வெளிச்சம் சுவரில் விழுந்துதான் நம் கண்ணுக்கு வருகிறது. ஆகவே ஒளிவட்டத்துக்குள் செங்கல் இடுக்கும் பூச்சின் சொரசொரப்பும் இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டும். `Outer Glow` படத்தின் மேல் ஒரு நிறத்தைப் படரவிடும். இடுக்குகள் அதில் மூழ்கி, சுவருக்கு முன்னால் புகை மிதப்பது போல ஆகிவிடும். அதற்குப் பதில் சுவரையே வெளிச்சமாக்குங்கள். ஒரு `Curves` லேயர் போட்டு, வெள்ளை முனையை இடப்பக்கம் இழுங்கள். சிவப்பை அதிகமாகவும் நீலத்தைக் குறைவாகவும் ஏற்றினால் வெதுவெதுப்பான நிறம் வரும். அந்த லேயரின் மாஸ்க்கைக் கறுப்பாக்கி, எழுத்தின் வடிவத்தை மட்டும் அதில் வெள்ளையாக நிரப்பி `Gaussian Blur` கொடுங்கள். ஒரே மங்கல் போதாது. விளிம்பை ஒட்டிக் கூர்மையாகவும் வலுவாகவும் ஒன்று, அகலமாகவும் மெலிதாகவும் இன்னொன்று என இரண்டு லேயர் வேண்டும். அகன்ற வட்டத்தில் வரிவரியாகப் பட்டை விழுந்தால் கோப்பு 8 பிட்டில் இருக்கலாம். 16 பிட்டில் தொடங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

அடுத்த பிழை, ஒளிவட்டத்தை எழுத்துக்கு நேர் பின்னால் வைப்பது. பலகை தலைக்கு மேலே இருக்கிறது, நாம் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறோம். சுவரை விட்டு முன்னால் நிற்கும் எழுத்து, சுவரில் அது இருக்கும் இடத்தைவிடச் சற்று மேலே தெரியும். எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். எழுத்தின் உயரம் 400 மி.மீ., படத்தில் அது 200 பிக்சல் என்றால், ஒரு பிக்சல் 2 மி.மீ. சுவருக்கும் எழுத்தின் பின்விளிம்புக்கும் இடைவெளி 40 மி.மீ., பக்கத் தகட்டின் ஆழம் 50 மி.மீ. என்று வைப்போம். முன்முகம் சுவரிலிருந்து 90 மி.மீ. தள்ளி நிற்கிறது. பார்வை 20 டிகிரி மேல்நோக்கினால், 90 மி.மீ.-ஐ 0.36-ஆல் பெருக்க 32 மி.மீ. சொச்சம், அதாவது 16 பிக்சல். ஒளிவட்ட மாஸ்க்கை முகத்தைவிட அவ்வளவு கீழே இறக்குங்கள். இடைப்பட்ட இடத்தில் பக்கத் தகட்டின் அடிப்பகுதி 9 பிக்சல் அகலத்தில் இருண்ட பட்டையாகத் தெரிய வேண்டும். மேல்விளிம்பில் வட்டம் மெலிந்து, கீழே தடித்திருக்கும். இந்த ஏற்றத்தாழ்வு வந்தால்தான் எழுத்து சுவரை விட்டு விலகி நிற்பதாகக் கண் ஒப்புக்கொள்ளும்.

முகத்தைப் பளபளவென்று வெள்ளி நிறத்தில் வைப்பதும் வழக்கமான தவறு. அதே அண்ணாந்த பார்வையால், செங்குத்தான உலோக முகம் எதிர்ப்பக்கத்து வானத்தைப் பிரதிபலிக்கும். சூரியன் மறைந்த சிறிது நேரத்தில் வானம் நீலம். முகமும் மங்கிய நீலச் சாம்பலாக, ஒளிவட்டத்தைவிட நன்றாக இருண்டிருக்கும். துலக்கிய கோடுகள் கிடைமட்டமாக இருந்தால் பிரதிபலிப்பு மேலும் கீழுமாக இழுபட்டு மங்கும். எனவே மேலிருந்து கீழாக மென்மையாக மாறும் ஒரு நிறச்சரிவு போதும். `Bevel & Emboss` கொடுக்கும் கூர்மையான வெள்ளை விளிம்பு நடுப்பகல் வெயிலுக்கானது. `Drop Shadow`-வைத் தொடவே வேண்டாம். நிழல் விழவேண்டிய இடத்தில்தான் விளக்கு எரிகிறது.

வெயிலில் எடுத்த படத்தை இருட்டாக்கி அந்தி என்று சொன்னால், சன்ஷேடுக்குக் கீழே கிடக்கும் வெட்டு நிழல் காட்டிக்கொடுத்துவிடும். கடைக்குள் விளக்கு எரியும் படமாகத் தேடுங்கள். அந்த ஜன்னல்தான் வெளிச்சத்துக்கு அளவுகோல்: ஒளிவட்டம் அதைவிடப் பிரகாசமாக இருந்தால் ஒட்டியது போலத் தெரியும். மங்கிய ஒளியில் எடுத்த படத்தில் நுண்புள்ளிகள் இருக்கும். எழுத்துக்கும் கொஞ்சம் `Add Noise` வேண்டும். 100 சதவீதப் பெரிதாக்கத்தில் சுவரையும் எழுத்தையும் ஒப்பிட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, கட்ட முடியாததை வரைந்து ஒப்புதல் வாங்கிவிடாதீர்கள். மெருகேற்றிய கிரானைட்டிலோ கண்ணாடியிலோ ஒளிவட்டம் படராது, எல்.இ.டி. புள்ளிகள்தான் வரிசையாகப் பிரதிபலிக்கும். கறுப்பு மேட் சுவர் பெரும்பகுதி ஒளியை விழுங்கிவிடும். வெளிர்நிற, மினுக்கமில்லாத சுவர்தான் இதற்கு ஏற்றது. தமிழ் எழுத்தில் புள்ளி தனித் துண்டு என்பதால் அதற்குத் தனித் தாங்கியும் விளக்கும் ஒயரும் வேண்டும். உள்ளே ஒரு எல்.இ.டி. மாட்யூல் அடங்காத அளவுக்குப் புள்ளி சிறிதாக இருந்தால், அதை எழுத்துருவில் இருப்பதைவிடப் பெரிதாக்கி மாக்கப்பிலேயே காட்டிவிடுங்கள்.