கோலி சோடா பாட்டிலின் எழுத்தைப் படித்த விதம்

பழைய கோலி சோடா பாட்டிலின் புடைப்பெழுத்துகளைப் படியெடுக்கையில், மறுபக்கத்து எழுத்தும் கண்ணாடி வழியே தெரிந்து குழப்பியது. கழுத்தில் கோலி இருப்பதால் கறுப்புத் துணியைத் திணிக்க வழியில்லை. மை கலந்த நீரை நிரப்பினேன்; பின்புறம் மறைந்தது.

அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் கண்ணாடியை உரசுவதுபோல் இடப்பக்கம் சாய்த்துப் பிடித்தேன். செங்குத்துக் கோடுகளுக்கு நிழல் விழுந்தது. ஒளியின் திசையிலேயே ஓடும் கிடைக்கோடுகள் மறைந்தன. ‘பேடன்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லில் ‘டி’யும் ‘இ’யும் வெறும் ‘ஐ’ போலவே நின்றன. இங்கேதான் பலர் தவறாகப் படிக்கிறார்கள்.

கேமராவை அசைக்காமல், டார்ச்சை மேலிருந்து காட்டி இன்னொரு படம் எடுத்தேன். கிடைக்கோடுகள் வந்தன. இரண்டையும் ஒப்பிட்டே எழுதினேன். தேய்ந்த எழுத்தை ஊகித்த இடங்களில் சதுர அடைப்புக்குறி இட்டேன்.