வேலை தேடலில் எந்தப் படி ஓட்டை?

அம்மாபேட்டையில் இருக்கும் என் அக்கா மகன் அக்கவுண்ட்ஸ் வேலை தேடிக்கொண்டிருந்தான். இரண்டு இன்டர்வியூ போய் இரண்டிலும் கிடைக்கவில்லை. "எனக்குப் பேச வரல மாமா" என்று பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டக் கிளம்பிவிட்டான். கொஞ்சம் பொறு என்று சொல்லி ஒரு நோட்டில் கோடு போட வைத்தேன்: விண்ணப்பித்த தேதி, எந்த வழியில், பதில் வந்த தேதி, இன்டர்வியூ, முடிவு.

மொத்தம் 52 விண்ணப்பங்கள். அதில் 12 கடந்த மூன்று வாரத்தில் போட்டவை. அவற்றுக்குப் பதில் வர இன்னும் நேரம் இருக்கிறது, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் நிலைமை உள்ளதைவிட மோசமாகத் தெரியும். மீதி 40-க்கு வந்த பதில் இரண்டே இரண்டு. அந்த இரண்டுமே இன்டர்வியூ வரை போயின. இரண்டு இன்டர்வியூவை வைத்து அவன் பேச்சைப் பற்றி எதுவும் முடிவு செய்ய முடியாது. ஆனால் 40-க்கு 2 என்பது, பயோடேட்டாவிலேயே ஆள் நின்றுவிடுகிறான் என்று சொல்கிறது.

வழிவாரியாகப் பிரித்ததும் இன்னும் தெளிவானது. ஆன்லைனில் போட்ட 34-க்கு ஒரு பதிலும் இல்லை. தெரிந்தவர் மூலம் கொடுத்த 6-க்குத்தான் அந்த இரண்டும். டேலியும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்ட அனுபவமும் பயோடேட்டாவின் இரண்டாம் பக்கத்தில் கிடந்தன. ஆள் எடுப்பவர்கள் முதலில் தேடுவதே அதைத்தான். மேலே கொண்டுவந்து, ஆன்லைனிலேயே அடுத்த 20 போட்டான். மூன்று வாரம் கழித்து எண்ணினோம், 5 பதில். அப்புறம்தான் இன்டர்வியூவுக்குத் தயாராவதைப் பற்றியே பேச ஆரம்பித்தோம்.