பித்தப்பை அறுவைக்கு இன்சூரன்ஸ் முன் அனுமதி: படிவத்தில் நேரும் தவறுகள்

திட்டமிட்ட அறுவைக்குக் கேஷ்லெஸ், அதாவது மருத்துவமனைக்கு நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டும் வசதி, கேட்டு மருத்துவமனை அனுப்பும் முன் அனுமதிப் படிவத்தில் நோயாளி நிரப்பும் பகுதி சிறியது. பெயர், பாலிசி எண், தொலைபேசி எண் போன்ற விவரங்கள்தான். சிகிச்சை தரும் மருத்துவர் நிரப்பும் பகுதியில்தான் நோய், அறுவை, தங்கும் நாட்கள், செலவு எல்லாம் வருகின்றன. அனுமதி கிடைப்பதும் மறுக்கப்படுவதும் அந்தப் பகுதியைப் பொறுத்தே. ஆனால் பல குடும்பங்கள் அதைப் படித்துப் பார்க்காமல் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகின்றன.

மறுமுனையில் அதைப் படிப்பவரும் ஒரு மருத்துவர்தான். காப்பீட்டு நிறுவனத்திலோ, அதன் சார்பில் கிளெய்ம்களைக் கையாளும் டி.பி.ஏ.விலோ இருக்கும் அவர் நோயாளியைப் பார்த்ததில்லை. கையில் இருப்பது படிவமும் சில ரிப்போர்ட்டுகளும் மட்டுமே. இந்த நோய் பாலிசிக்கு முன்பே இருந்ததா, இந்த அறுவை இப்போது தேவையா, இத்தனை நாள் தங்க வேண்டுமா என்ற மூன்று கேள்விகளுக்கு அவர் அந்தக் காகிதங்களிலேயே விடை தேடுவார்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 52 வயதுப் பெண்மணி. பாலிசி 2023 மார்ச் 10 அன்று தொடங்கி, இடைவெளி இல்லாமல் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. காப்பீட்டுத் தொகை 5 லட்சம். பித்தப்பையில் கல். லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை அகற்ற 2025 நவம்பர் 18 என்று நாள் குறித்தாகிவிட்டது. அதாவது பாலிசிக்கு 32 மாதம் ஆகியிருக்கிறது.

எத்தனை நாளாக என்ற ஒரு வரி

படிவத்தில் ‘தற்போதைய நோய் எத்தனை நாட்களாக இருக்கிறது’ என்று ஒரு கட்டமும், ‘முதன்முதலில் மருத்துவரிடம் காட்டிய தேதி’ என்று இன்னொரு கட்டமும் உண்டு. எங்கள் கணிப்பில் படிவத்திலேயே அதிகம் கெடுப்பது இந்த இரண்டும்தான்.

டியூட்டி டாக்டர் கேட்கும்போது நோயாளி, “எனக்கு மூணு வருஷமாவே கேஸ் தொந்தரவு இருக்குங்க டாக்டர்” என்று சொல்வார். டாக்டர் கேஸ் ஷீட்டில் ‘3 ஆண்டுகளாக வயிற்று வலி’ என்று எழுதுவார். அதைப் பார்த்து இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருப்பவர் படிவத்தில் ‘3 ஆண்டு’ என்று போடுவார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் 32 மாதப் பாலிசியில் 36 மாத நோய் என்று காகிதம் சொல்லிவிட்டது.

இதன் விளைவைப் பாருங்கள். பித்தப்பைக் கல், குடலிறக்கம், கண்புரை போன்ற பட்டியலிட்ட நோய்களுக்குப் பல பாலிசிகளில் 24 மாதக் காத்திருப்பு உண்டு; அது முடியும் வரை அந்த நோய்க்குப் பணம் கிடைக்காது. இந்தப் பெண்மணிக்கு அது 2025 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்றால் காத்திருப்பு 36 மாதம் வரை போகலாம். அவருடைய பாலிசியில் 36 மாதம் என்றால் அது 2026 மார்ச்சில்தான் முடியும். பட்டியலில் உள்ள நோயே முன்பே இருந்த நோயாகவும் ஆகிவிட்டால், இரண்டில் நீளமான காத்திருப்பைத்தான் கணக்கில் எடுப்பார்கள். ‘5 மாதம்’ என்றால் அனுமதி. ‘3 ஆண்டு’ என்றால் மறுப்பு, அல்லது பழைய சீட்டுகளை எல்லாம் கேட்டு ஒரு கொரி, அதாவது விளக்கம் கேட்கும் கடிதம்.

முன்பே இருந்த நோய் என்பதற்கு விதிமுறையில் வரையறை இருக்கிறது. பாலிசி தொடங்கும் முன் 36 மாதத்துக்குள் மருத்துவர் கண்டறிந்த நோய், அல்லது மருத்துவ ஆலோசனையோ சிகிச்சையோ சொல்லப்பட்ட அல்லது பெறப்பட்ட நோய். யாரிடமும் காட்டாமல், சாப்பாட்டுக்குப் பிறகு வந்துபோன உப்புசம் அந்த வரையறைக்குள் வராது. ஆகவே மருத்துவரிடம் பேசும்போது இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். வலது விலா எலும்புக்குக் கீழே வலி முதலில் வந்தது 2025 ஜூன் 10. மருத்துவரிடம் காட்டியது ஜூன் 12. ஸ்கேனில் கல் தெரிந்தது ஜூன் 14. அதற்கு முன்பு இந்தத் தொந்தரவுக்காக எந்த மருத்துவரிடமும் போனதில்லை, ஸ்கேன் எடுத்ததில்லை. படிவத்தில் இந்தத் தேதிகள் அப்படியே வரட்டும்.

தேதியை மாற்றி எழுதச் சொல்லக் கூடாது. 2022-ல் எடுத்த ஸ்கேன் ஒன்றில் கல் இருந்திருந்தால் அதை மறைப்பது உண்மையை மறைப்பதாகும்; அது வெளிப்பட்டால் கிளெய்ம் மட்டுமல்ல, பாலிசியே ரத்தாகலாம். நாங்கள் சொல்வது உண்மையைத் துல்லியமாகச் சொல்வதைப் பற்றி.

இதே சிக்கல் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நாள்பட்ட நோய்களுக்கான கட்டங்களிலும் வரும். அங்கே எந்த மாதம், எந்த ஆண்டிலிருந்து என்று கேட்கிறார்கள். இந்தப் பெண்மணிக்குச் சர்க்கரை தெரிந்தது 2024 ஜூனில். படிவத்தில் அது சரியாக இருந்தும், மயக்க மருந்து நிபுணரின் குறிப்பில் ‘5 ஆண்டாகச் சர்க்கரை’ என்று இருந்தால், பாலிசி எடுக்கும்போது மறைத்தீர்களா என்ற கேள்வி வரும். படிவத்தோடு போகும் ஒவ்வொரு தாளிலும் ஒரே தேதி இருக்கிறதா என்று பாருங்கள்.

நோயின் பெயரும் அறுவையின் பெயரும்

‘வயிற்று வலி, பரிசோதனைக்காக’ என்பது நோயின் பெயர் ஆகாது. பரிசோதனைக்காக மட்டும் சேர்வதைப் பாலிசிகள் ஏற்பதில்லை என்பதால், இந்த ஒரு சொற்றொடரே மறுப்புக்குப் போதும். ஸ்கேனில் உள்ளபடி எழுத வேண்டும்: பித்தப்பையில் பல கற்கள், பெரியது 14 மி.மீ., பித்தப்பைச் சுவர் இயல்பு, பொதுப் பித்தநாளம் விரிவடையவில்லை.

அதற்கு ஏற்ற நோய்க் குறியீடு `K80.2`. அழற்சி இல்லாத பித்தப்பைக் கல் என்று பொருள். பழக்கத்தில் சிலர் `K80.0` என்று போட்டுவிடுவார்கள். அது கடுமையான அழற்சியோடு கூடிய கல். சுவர் இயல்பு என்று ஸ்கேன் சொல்ல, கடுமையான அழற்சி என்று குறியீடு சொல்ல, அறுவையோ பத்து நாள் கழித்து என்றால் படிப்பவருக்குச் சந்தேகம் வருவது இயல்பே.

அறுவைக்கான கட்டத்தில் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பை அகற்றுதல் என்பதோடு (`0FT44ZZ`), தேவைப்பட்டால் திறந்த அறுவையாக மாறலாம் என்பதையும் சேர்த்துவிடுவது நல்லது. பித்தநாளத்திலும் கல் இருக்கலாம் என்ற ஐயம் இருந்து, அதை எண்டோஸ்கோப்பி வழியாக எடுக்க வேண்டியிருந்தால் அது தனிச் சிகிச்சை. அதைத் தனியாக எழுதி, ஈரல் பரிசோதனை ரிப்போர்ட்டையும் வைக்க வேண்டும். எழுதாமல் விட்டால் அந்தச் செலவு டிஸ்சார்ஜ் அன்று வாசலில் நிற்கும்.

ஏன் அறுவை, ஏன் இப்போது

தொந்தரவே தராத கல்லுக்கு அறுவை பெரும்பாலும் தேவையில்லை என்பது படிப்பவருக்குத் தெரியும். அதனால் ‘பித்தப்பைக் கல், அறுவை பரிந்துரைக்கப்படுகிறது’ என்ற ஒற்றை வரி அவருக்குப் போதாது. எத்தனை முறை வலி வந்தது, எப்போது, என்ன செய்தார்கள், விட்டால் என்ன ஆகும் என்பவை வேண்டும். மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதும் குறிப்பின் சாரம் இப்படி இருந்தால் போதும்:

“2025 ஜூன் 10, செப்டம்பர் 3, அக்டோபர் 21 ஆகிய நாட்களில் மூன்று முறை பித்தப்பை வலி. செப்டம்பரில் அவசரப் பிரிவில் ஊசி மூலம் வலி நிவாரணி தேவைப்பட்டது. ஸ்கேனில் பல கற்கள், பெரியது 14 மி.மீ. ஈரல் பரிசோதனை இயல்பு. மருந்தால் வலி அப்போதைக்குத் தணிகிறது, கல் நீங்காது. தாமதித்தால் பித்தப்பை அழற்சி, பித்தநாள அடைப்பு, கணைய அழற்சி வரக்கூடும். பொது மயக்கத்தில் லேப்ராஸ்கோப்பி அறுவை திட்டமிடப்பட்டுள்ளது.”

அவசரப் பிரிவுச் சீட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் இதோடு இணையுங்கள். ‘நோயாளி விருப்பப்படி’ என்ற சொல் எங்கும் வேண்டாம். நாள் குறித்தது நோயாளியின் வசதிக்கு என்றாலும், அறுவை மருத்துவரின் முடிவு.

எத்தனை நாள், எந்த அறை

அறுவைக்கு முந்தைய ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., மயக்க மருந்து நிபுணரின் சோதனை இவற்றுக்காக இரண்டு நாள் முன்பே சேர்ப்பது வீண். அவற்றை வெளிநோயாளியாகவே முடித்து பில்லை வைத்துக்கொண்டால், பல பாலிசிகளில் சேர்வதற்கு முந்தைய 30 அல்லது 60 நாள் செலவாகப் பின்னர் கேட்டுப் பெறலாம். நவம்பர் 18 காலையில் சேர்ந்து, அன்றே அறுவை, 20 காலையில் டிஸ்சார்ஜ் என்றால் இரண்டு இரவு. ஐ.சி.யு. நாட்கள்: பூஜ்யம். பாதுகாப்புக்காக ஐந்து நாள் என்று போட்டால் ஏன் என்று கேட்பார்கள். குறைத்து ஒரு நாள் என்று போட்டால், கூடும் நாளுக்குக் கூடுதல் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டும். உண்மையில் நாள் கூடினால் காரணத்தோடு அன்றே கேட்டுவிட வேண்டும், டிஸ்சார்ஜ் அன்று இல்லை.

அறையில்தான் பணம் கரைகிறது. இவருடைய பாலிசியில் அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 ரூபாய். படிவத்தில் 8,000 ரூபாய் தனி அறை என்று டிக் செய்தால், இரண்டு நாளுக்கு வித்தியாசம் 6,000 தானே என்று தோன்றும். அறைக்கு ஏற்பக் கட்டணம் மாறும் மருத்துவமனையாக இருந்து, பாலிசியில் விகிதக் கழிப்பு விதியும் இருந்தால், அறுவை மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், தியேட்டர் கட்டணங்களும் எட்டில் ஐந்து பங்காகக் குறையும். அவை 60,000 என்றால் நிறுவனம் தருவது 37,500. நோயாளி கையிலிருந்து 22,500, அறை வித்தியாசம் 6,000, ஆக 28,500 போகும். மருந்து, பரிசோதனை, இம்பிளான்ட், ஐ.சி.யு. கட்டணங்களில் இந்த விகிதக் கழிப்பு செய்யக் கூடாது. செய்திருந்தால் எழுத்தில் கேளுங்கள்.

அனுப்பும் நேரம்

கேஷ்லெஸ் கோரிக்கை வந்த ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. அதை நம்பிச் சேரும் நாள் காலையில் அனுப்பாதீர்கள். ஒரு கொரி வந்தால் பழைய சீட்டுக்காக வீட்டுக்கு ஓட வேண்டியிருக்கும். பல பாலிசிகள் 48 அல்லது 72 மணி நேரம் முன்பே கேட்கின்றன. எங்கள் உதாரணத்தில் நவம்பர் 13 அல்லது 14-ல் அனுப்பினால் நிம்மதியாகப் பதில் எழுதலாம். அனுமதிக் கடிதம் வந்ததும் அறுவையின் பெயர், மருத்துவமனையின் பெயர், எந்தத் தேதி வரை செல்லும் என்ற மூன்றையும் பாருங்கள். அறுவை தள்ளிப்போய் அந்தத் தேதி தாண்டினால் புதிதாகக் கேட்க வேண்டும்.

மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். ‘3 ஆண்டு’ என்று தவறாகப் பதிவானதுதான் காரணம் என்றால், முதல் சீட்டு, முதல் ஸ்கேன் இரண்டையும் வைத்து, பதிவு எப்படித் தவறியது என்று சிகிச்சை தரும் மருத்துவர் தம் லெட்டர்பேடில் எழுதிய விளக்கத்தோடு மறுபரிசீலனை கேட்கலாம். அப்போதும் கேஷ்லெஸ் கிடைக்காவிட்டால் பணம் கட்டி அறுவை செய்துகொண்டு, பாலிசியில் சொன்ன நாட்களுக்குள் செலவைத் திரும்பக் கேட்கும் வழி திறந்தே இருக்கிறது. அதற்கும் டிஸ்சார்ஜ் சம்மரி போகும். அதில் அந்த ‘3 ஆண்டு’ மறுபடி ஏறியிருக்கிறதா என்று வீட்டுக்குக் கிளம்பும் முன் படித்துவிடுங்கள்.