பொம்மைக் குரங்குக்குச் சுகர் பார்ப்பது எப்படி: பள்ளிக்கு மீட்டர் கொண்டுபோகும் முன் ஒரு ஒத்திகை

டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளை பள்ளியில் தானே சுகர் பார்க்கப் போகிறது என்றால் வீட்டில் எல்லோருக்கும் கவலை ஊசியைப் பற்றித்தான். ஆனால் குத்தலுக்குப் பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். தடுமாறுவது அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றில். அதை ஒரு கதையாகவே சொல்கிறேன். ஏற்காட்டில் மூன்றாம் வகுப்புக்குப் போகப்போகும் கதிர் என்று ஒரு பையன், அவனிடம் ஒரு துணிக்குரங்கு.

முதலில் குரங்குக்கு விரல் வேண்டும்

துணியில் சொட்டு நிற்காது, ஊறிவிடும். அதனால் கதிரின் அம்மா ரப்பர் கையுறையின் ஒரு விரலை வெட்டி, பஞ்சு அடைத்து, குரங்கின் கையில் நூலால் கட்டினார். ரத்தத்துக்குப் பதில் பீட்ரூட் தண்ணீர். காலாவதியான ஸ்ட்ரிப் ஒன்றிரண்டு. விரலைக் குத்தும் பேனாவில் லான்செட் ஊசி போடவில்லை. பெரும்பாலான பேனாக்கள் ஊசி இல்லாமலும் 'டக்' என்று அடிக்கும், பிள்ளை பயப்படுவது பாதி அந்தச் சத்தத்துக்குத்தான்.

வரிசை

"குரங்கு கை கழுவிச்சா கண்ணு?" என்றார் அம்மா. கதிர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அதைக் குழாயடிக்குத் தூக்கிப் போனான். சோப்பு, தண்ணீர், பிறகு ஈரம் போகத் துடைப்பது. ஈரம் இருந்தால் சொட்டு பரவிவிடும், ரத்தமும் நீர்த்துப்போகும்.

அப்புறம் இடம். விரல் நுனியின் நடுவில் குத்தக்கூடாது, பக்கவாட்டில் குத்த வேண்டும். நடுவில்தான் தொடு உணர்ச்சி அதிகம், பென்சில் பிடிக்கும்போதும் வலிக்கும். பேனாவை விரலோடு ஒட்டி வைத்து அழுத்தினான், 'டக்'. அம்மா கையுறை விரலில் ஒரு சொட்டுப் பீட்ரூட் தண்ணீர் விட்டார்.

இனி ஸ்ட்ரிப். பயிற்சியில் அதை மீட்டரில் செருகாமல் கையில்தான் பிடிக்க வேண்டும், மீட்டருக்குள் சாயத் தண்ணீர் போகக்கூடாது. கதிர் சொட்டின் மேல் ஸ்ட்ரிப்பைப் படுக்கவைத்துத் தேய்த்தான். எல்லாப் பிள்ளைகளும் முதலில் இப்படித்தான் செய்வார்கள். ஸ்ட்ரிப்பின் உறிஞ்சும் விளிம்பால் சொட்டை லேசாகத் தொட்டால் போதும், அதுவே இழுத்துக்கொள்ளும். அந்த விளிம்பு சிலவற்றில் நுனியில் இருக்கும், சிலவற்றில் பக்கத்தில். பெட்டிக்குள் இருக்கும் படத்தைப் பாருங்கள்.

நிஜ விரலில் இன்னொரு சிக்கல் உண்டு. மலைக்குளிரில் விரல் சில்லிட்டு ரத்தம் வராது. நுனியைப் பிதுக்கினால் ரத்தத்தோடு திசுநீரும் கலந்து அளவு தப்பும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து நுனி நோக்கி நீவிவிட்டால் போதும். பனிமூட்டக் காலத்தில் ஸ்ட்ரிப் டப்பாவை உடனுக்குடன் மூடுவதையும் குரங்கு விளையாட்டிலேயே சேர்த்துவிடுங்கள், ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும்.

ஜூன் மாதம், முதல் நாள்

மதியச் சாப்பாட்டுக்கு முன் மிஸ் பக்கத்தில் இருக்க, கதிர் தானே குத்திப் பார்த்தான். மீட்டரில் 268. காலையில் 131 இருந்தது, நடுவில் எதுவும் சாப்பிடவில்லை. மிஸ் அம்மாவுக்குப் போன் போட எழுந்தார். கதிர் தன் விரலை முகர்ந்து பார்த்தான். மல்கோவா வாசனை. பக்கத்துப் பையனின் டப்பாவிலிருந்த மாம்பழத் துண்டைக் கதிர்தான் எடுத்து இன்னொருவனுக்குக் கொடுத்திருந்தான், அவ்வளவுதான்.

"மிஸ், குரங்கு கை கழுவல" என்றான்.

கழுவி, துடைத்து, புது ஸ்ட்ரிப்பில் பார்த்தபோது 118.

ஸ்ட்ரிப் உறிஞ்சுவது மிகச் சிறிய சொட்டு. தோலில் ஒட்டிய பழச்சாறு துளி இருந்தாலும் எண் எங்கோ போய்விடும். ஸ்பிரிட் பஞ்சால் ஒருமுறை துடைப்பதை நம்ப முடியாது. அந்த 268-ஐ நம்பி இன்சுலின் கூட்டியிருந்தால் சுகர் தாழ்ந்துபோயிருக்கும். இதன் மறுபக்கம் இன்னும் மோசம்: உண்மையில் 60 இருக்கும்போது மாம்பழச் சாறு அதை 150 என்று காட்டி மறைத்துவிடலாம். ஆகவே பிள்ளை வியர்த்து, நடுங்கி, சோர்ந்திருந்தால் மீட்டர் என்ன சொன்னாலும் கை கழுவி மறுபடி பார்க்க வேண்டும். கழுவப் போகவே முடியாத நிலை என்றால் குளுக்கோஸை முதலில் கொடுத்துவிடுங்கள். 70-க்குக் கீழே என்றால் மருத்துவர் சொன்ன அளவு குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்ப்பது வழக்கம். மயங்கிய பிள்ளையின் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது.

தண்ணீரே கிடைக்காத இடத்தில் முதல் சொட்டைச் சுத்தமான பஞ்சால் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை எடுக்கலாம். இதையும் குரங்கிடம் ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக லான்செட். ஒரு தடவைக்கு ஒன்று, பேனாவை வேறு பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. பயன்படுத்தியது கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போய், மூடியோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வகுப்புக் குப்பைத்தொட்டியில் போட்டால் பெருக்க வருகிற அக்காவின் கையைக் குத்தும்.