செக்டர் தலைமை மாறினால் சொல்லும் ஷீட்: கூகுள் ஷீட்ஸில் செய்வது எப்படி?

கடந்த 13 வாரங்களில் மற்றவற்றைவிட அதிகம் ஏறிய செக்டர்தான் தலைவர்; அது மாறினால் இந்த ஷீட் சொல்லும். இதற்கு ஆறு செக்டர் குறியீடுகள் போதும்: பேங்க், ஐடி, ஆட்டோ, பார்மா, எஃப்எம்சிஜி, மெட்டல். நிஃப்டி பேங்க், நிஃப்டி ஃபைனான்சியல் சர்வீசஸ் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். இரண்டிலும் பெரிய எடை அதே வங்கிகளுக்குத்தான் என்பதால், முதல் இரண்டு இடங்களையும் ஒரே கதையே பிடித்துக்கொள்ளும்.

niftyindices.com தளத்தில் பழைய விலைகள் கிடைக்கும். A-யில் தேதி, B-யில் நிஃப்டி 50, C முதல் H வரை ஆறு செக்டர்கள். வாரத்தின் கடைசி வர்த்தக நாளின் முடிவு விலை மட்டும் போதும். முதல் வரிசையில் பெயர்கள், 2-ஆம் வரிசையிலிருந்து விலைகள். 15-ஆம் வரிசைக்கு வரும்போது 13 வாரம், அதாவது ஒரு காலாண்டு கடந்திருக்கும். J15-ல் இதை எழுதி O15 வரை இழுங்கள்:

```
=(C15/C2)/($B15/$B2)-1
```

நிஃப்டி 24,000-லிருந்து 25,200 ஆகி, மெட்டல் 9,000-லிருந்து 9,900 ஆனதாக வைத்துக்கொள்வோம். 1.10-ஐ 1.05-ஆல் வகுத்தால், மெட்டல் சந்தையைவிட சுமார் 4.8% முன்னால். நிஃப்டியால் வகுப்பதால் வரிசை மாறாது; ஆனால் முதலிடத்தில் இருப்பது சந்தையை உண்மையிலேயே முந்துகிறதா என்பது தெரியும். முழுத் தரவரிசை வேண்டுமென்றால் T15-ல் `=RANK(J15,$J15:$O15)` எழுதி Y வரை இழுங்கள்.

அப்புறம் எச்சரிக்கை. முதலிடம் மாறியதும் மணி அடித்தால், நெருக்கமாக ஓடும் இரண்டு செக்டர்கள் வாராவாரம் இடம் மாறி உங்களைத் தொல்லை செய்யும். அதனால் புதியது பழைய தலைவரைவிட 1 சதவீதப் புள்ளியாவது முன்னால், தொடர்ந்து இரண்டு வாரம் இருக்க வேண்டும் என்று வைப்போம். P அந்த வாரத்தின் முதலிடம், Q பழைய தலைவரைவிட அது எவ்வளவு முன்னால் என்பது, R உறுதியான தலைவர், S எச்சரிக்கை. கீழே உள்ள முதல் சூத்திரத்தை P15-லும், `=P15` என்பதை R15-லும், மற்ற மூன்றையும் 16-ஆம் வரிசையிலும் எழுதுங்கள்:

```
P15: =INDEX($C$1:$H$1,MATCH(MAX(J15:O15),J15:O15,0))
Q16: =MAX(J16:O16)-INDEX(J16:O16,MATCH(R15,$C$1:$H$1,0))
R16: =IF(AND(P16=P15,Q15>=0.01,Q16>=0.01),P16,R15)
S16: =IF(R16<>R15,"மாற்றம்: "&R16,"")
```

J முதல் S வரை எல்லாவற்றையும் கீழே இழுத்துவிட்டு, S காலியாக இல்லாதபோது நிறம் மாறும்படி கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போடுங்கள். ஐடி தலைவராக இருக்கையில் மெட்டல் 0.6, 1.3, 1.5 புள்ளிகள் முந்தினால், மூன்றாவது வாரம்தான் எச்சரிக்கை வரும்.

வந்ததும் ஒன்றைப் பாருங்கள். மெட்டல் இந்த வாரம் 9,900-லேயே நின்றாலும், ஒப்பிடும் பழைய விலை 9,000-லிருந்து 8,700-க்கு நகர்ந்தால் அதன் ஏற்றம் 10%-லிருந்து 13.8% ஆகிவிடும். இப்போது யாரும் வாங்கவில்லை; மூன்று மாதம் முன் நடந்த சரிவுதான் அதை மேலே தூக்கியிருக்கிறது. அந்தச் செக்டரின் கடைசி இரண்டு வார ஏற்றமும் நிஃப்டியின் ஏற்றத்தை முந்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.