‘உதவும்’ என்று சேர்த்தால் போதாது: விளம்பர உரையைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிகைக்கூற்றைக் குறைக்கச் சொன்னால், உரை எழுதுபவர்கள் பெரும்பாலும் ‘வரை’, ‘உதவும்’ ஆகிய சொற்களைச் செருகிவிட்டு வேலை முடிந்ததாக எண்ணுகிறார்கள். கூற்றுக்குப் பின்னால் இருக்கும் சான்றைப் பார்க்காமல் செய்யும் இந்தத் திருத்தம்தான் முதல் தவறு.

எடுத்துக்காட்டாக, ஒரு கூந்தல் எண்ணெய்க்கான தொலைக்காட்சி உரை, “ஏழே நாளில் முடி உதிர்வு 90 சதவீதம் குறையும்” என்கிறது என்று வைத்துக்கொள்வோம். சான்றுகளைக் கேட்டால் இரண்டு கிடைக்கின்றன. எண்ணெய் தடவிய முடிக்கற்றையையும் தடவாததையும் ஆய்வகத்தில் ஒரே அளவு சீவியபோது, தடவியதில் முறிந்த முடி 90 சதவீதம் குறைவாக இருந்தது. எட்டு வாரம் பயன்படுத்திய 60 பெண்களில் 42 பேர், உதிர்வு குறைந்ததாக உணர்ந்தோம் என்று வினாத்தாளில் எழுதியிருக்கிறார்கள். ஏழு நாளுக்கு எந்தச் சான்றும் இல்லை. ஆகவே அது முழுவதுமாக நீங்க வேண்டும்.

90 என்ற எண் உண்மையானதுதான், ஆனால் அது முடி நடுவில் முறிவதைப் பற்றியது. வேரிலிருந்து உதிர்வது வேறு நிகழ்வு. வளர்ச்சி நின்று ஓய்வுநிலைக்குப் போன முடி பொதுவாக இரண்டு, மூன்று மாதம் கழித்தே விழுகிறது. “90 சதவீதம் வரை குறைக்க உதவும்” என்று மாற்றினாலும், பார்ப்பவர் மனத்தில் தங்குவது வேரிலிருந்து உதிர்வது நின்றுவிடும் என்ற எண்ணமே. நுகர்வோர் விதிகள் பொதுவாகச் சொல்லுக்குச் சொல் பொருளை மட்டும் பார்ப்பதில்லை. சாதாரண மனிதர் மொத்தத்தில் எதைப் புரிந்துகொள்வார் என்பதையும் பார்க்கின்றன.

அதனால்தான் திரையின் அடியில் பொடி எழுத்தில் “ஆய்வகச் சோதனையில், முறிவு மட்டும்” என்று போடுவதும் காப்பாற்றாது. அடிக்குறிப்பு முதன்மைக் கூற்றை விளக்கலாம், அதை மறுக்கக் கூடாது.

அந்த 42 பேரைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி எழும். “70 சதவீதம் பேர்” என்பது எடிட்டிங்கில் மிக எளிதாக “70 சதவீதம் குறைவு” என்று திரிந்துவிடும். அது உணர்வைப் பற்றிய விடை, எண்ணிப் பார்த்த அளவு அல்ல. எண்ணெய் தடவாத ஒப்பீட்டுக் குழுவும் இல்லாததால், குறைந்ததற்கு எண்ணெய்தான் காரணம் என்று காட்ட வழியில்லை. நான் இதை விட்டுவிடவே சொல்வேன்.

எஞ்சுவது, “சீவும்போது முடி முறிவதைக் குறைக்கிறது” என்ற வரி. இது சிறியதாகத் தோன்றினாலும், யார் கேட்டாலும் சோதனை அறிக்கையை எடுத்துக் காட்டலாம். “கூந்தலுக்கு இதமான தோழமை” போன்ற அலங்காரத்தை அதனுடன் வைத்துக்கொள்ளலாம், ஏனெனில் அதை யாரும் அளவாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். “முதலிடம்” என்றால் எதில், எப்போது, யாருடன் ஒப்பிட்டு என்று சான்று வேண்டும்.

வரியைத் திருத்திய பிறகு காட்சிக் குறிப்பையும் படிக்க வேண்டும். வழுக்கை விழுந்த உச்சந்தலையில் முடி அடர்ந்து வளர்வதாக ஒரு காட்சி அங்கே இருந்தால், உரையிலிருந்து நீக்கிய கூற்று அப்படியே திரும்பி வந்துவிடும்.